'தட்டையான பாத்திரம்' வேண்டாம், 'ஒருகுணப் பாத்திரம்' போதும்

நண்பர் எழுதிய நகைச்சுவை நாடகத்தில் பெருமையடிக்கும் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் வருவார். "பாத்திரம் தட்டையாக இருக்கிறது" என்று யாரோ சொல்லிவிட்டார்கள். நண்பரும் அந்த மனிதர் தன் ஏழ்மையான இளமையை நினைத்து அழும் காட்சி ஒன்றைச் சேர்த்தார். அதன்பின் அவர் வாய் திறந்தாலே அரங்கில் சிரிப்பு வரவில்லை, பரிதாபம்தான் வந்தது.

இதன் மூலமான 'ஃப்ளாட் கேரக்டர்' என்ற சொல்லைப் பரப்பியவர் ஆங்கில நாவலாசிரியர் இ. எம். ஃபார்ஸ்டர். 1927இல் கேம்பிரிட்ஜில் ஆற்றிய உரைகளில், ஒரே எண்ணத்தையோ குணத்தையோ சுற்றிக் கட்டிய பாத்திரத்தை அப்படி அழைத்தார். அத்தகைய பாத்திரம் நகைச்சுவையில்தான் நன்றாக எடுபடும் என்றும் சொன்னார். ஆக, அவருக்கு அது ஒரு வகையின் பெயர்.

தமிழிலோ 'தட்டையான நடை', 'தட்டையான வசனம்' என்றால் உயிரில்லாதது என்றே பொருள். அந்த அடைமொழியைப் பாத்திரத்தின் முன் வைத்ததும் வகையின் பெயர் வசவாக மாறிவிடுகிறது. இதற்கு எதிரான 'ரவுண்ட்' என்பதை 'உருண்டையான பாத்திரம்' என்று எழுதுகிறோமா? பெரும்பாலும் பொருளைப் பார்த்து 'பன்முகப் பாத்திரம்' என்கிறோம். ஒன்றுக்குப் பொருளும் மற்றொன்றுக்கு வெறும் சொல்லுமாகப் பெயர்ப்பது என்ன முறை? 'ஒற்றைப் பரிமாணப் பாத்திரம்' என்பதும் சரியில்லை. அதிலும் ஏதோ குறைகிறது என்ற தொனிதான். ஒருகுணப் பாத்திரம் என்றால் எழுதுபவருக்கு வேலையும் புரியும்: குணம் ஒன்று, அது பல காட்சிகளை இழுக்க வேண்டும்.

அதே பக்கத்து வீட்டுக்காரரை எடுத்துக்கொள்வோம். 'பெருமையடிப்பவர்' என்று மட்டும் வைத்தால் இரண்டாம் காட்சியிலேயே சரக்கு தீர்ந்துவிடும். 'அடுத்தவரைவிட ஒரு படி கீழே இருப்பதைத் தாங்காதவர்' என்று வைத்தால் அந்தக் குணம் அவரை எதையாவது செய்யத் தூண்டிக்கொண்டே இருக்கும். எதிர்வீட்டில் பத்து பவுன் திருட்டுப் போகிறது. இவர் வீட்டில் போனது ஒரு பித்தளைக் குடம். போலீசிடம் இவர் இருபது பவுன் என்கிறார். அப்புறம் ரசீது கேட்கிறார்கள். நகையே வாங்கித் தராத மனிதர் இருபது பவுன் எங்கே வைத்திருந்தார் என்று மனைவி கேட்கிறார். இத்தனை பவுன் வைத்துக்கொண்டா கடனை அடைக்கவில்லை என்று கடன் கொடுத்தவர் வாசலில் வந்து நிற்கிறார். குணம் மாறவே இல்லை, அதற்கு அவர் கொடுக்கும் விலைதான் காட்சிக்குக் காட்சி ஏறுகிறது.

ஒருகுணப் பாத்திரம் பழுதாவதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. அவருடைய பெருமைப் பேச்சை வெட்டிவிட்டுக் காட்சியைப் படியுங்கள். கதை அப்படியே நகர்ந்தால் அந்தக் குணம் அங்கே வெறும் ஒப்பனை. அப்போது திருத்த வேண்டியது சூழ்நிலையை. மேலே சொன்னதில் இருபது பவுன் பொய்யை எடுத்துவிட்டால் அடுத்த மூன்றும் நடக்கவே நடக்காது.

நண்பரிடம் அன்று 'இந்தக் காட்சியில் அவருடைய குணம் வேலை செய்யவில்லை' என்று சொல்லியிருந்தால், அழுகையைத் தேடிப் போயிருக்க மாட்டார்.