சுய மதிப்பீட்டில் உடைசல் கணக்கு எங்கே?

கன்னியாகுமரி மாவட்டத்து முந்திரி ஆலை ஒன்றில் தோல் உரிப்புப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் உதவி மேலாளர், மேலாளர் பதவிக்கு விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சுய மதிப்பீட்டுப் படிவத்தில் பெரும்பாலும் இப்படித்தான் எழுதுவார்: "தினமும் காலை 8 மணிக்கு முன்பே வந்து, பருப்பு உலர்த்தும் போர்மா அடுப்பைப் பார்வையிட்டேன். மாத அறிக்கையைத் தவறாமல் அனுப்பினேன். புதிதாகச் சேர்ந்த 14 பேருக்குப் பயிற்சி கொடுத்தேன்."

மூன்றும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் இவை இப்போதுள்ள வேலைக்குக் கொடுக்கிற சம்பளத்துக்கான கணக்கு. படிவத்தைப் படிப்பவருக்கு வேண்டியது வேறு: இவர் கையில் இருந்த ஐம்பது பேரின் வேலையில் என்ன மாறியது, அதில் இவருடைய பங்கு எது?

அந்தப் பிரிவில் மாற்றத்தைக் காட்டும் எண் ஏற்கெனவே பதிவேட்டில் இருக்கிறது. உரித்த பருப்பில் உடைசல் எவ்வளவு என்பதுதான் அது. போன வருடம் ஜூன் முதல் செப்டம்பர் வரை 18 சதவீதம், இந்த வருடம் அதே மாதங்களில் 14 என்று எடுத்துக்கொள்வோம். ஐம்பது பேர் ஆளுக்கு 10 கிலோ உரித்தால் நாளொன்றுக்கு 500 கிலோ. அதில் 4 சதவீதம் என்றால் 20 கிலோ முழுப் பருப்பு கூடுதல். முழுப் பருப்புக்கும் உடைசலுக்கும் விலை வித்தியாசம் கிலோவுக்கு 150 ரூபாய் என்றால் ஒரு நாளுக்கு 3,000 ரூபாய், 100 வேலை நாளுக்கு 3 லட்சம். விலை வித்தியாசத்தைக் கணக்குப் பிரிவின் விற்பனைப் பில்லில் இருந்தே எடுக்க வேண்டும். மனக்கணக்காகப் போட்டால் முதல் கேள்வியிலேயே சரிந்துவிடும்.

ஜூன்–செப்டம்பரை அதே மாதங்களோடு ஒப்பிட்டதற்குக் காரணம் உண்டு. நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்யும். மழைக்காலத்தில் போர்மாவில் காய்ந்து வந்த பருப்பு தட்டிலேயே காத்துக்கிடந்தால் ஈரம் இழுத்து, தோல் ஒட்டிக்கொள்ளும். கத்தியால் சுரண்டும்போது பருப்பு பிளக்கும். அதனால் ஏப்ரலோடு ஜூலையை ஒப்பிட்டால் கணக்கு பொய் சொல்லும். கொட்டை எந்த நாட்டில் இருந்து வந்தது என்பதும் அப்படியே. தான்சானியா கொட்டையும் ஐவரி கோஸ்ட் கொட்டையும் ஒரே மாதிரி உரியாது. கொட்டை மாறியிருந்தால் அதை மறைக்காமல் எழுதி, ஒரே வகைக் கொட்டை வந்த வாரங்களை மட்டும் தனியாக ஒப்பிடுவதே சரி.

இனி, இவர் பங்கு எது? பருப்பு ஈரம் இழுக்காமல் இருக்க, காலையில் போர்மாவில் இருந்து எல்லாத் தட்டையும் மொத்தமாக இறக்காமல் மூன்று தவணையாக இறக்கலாம் என்று சொன்னது பிரிவின் சூப்பர்வைசர் என்றால் அவர் பெயரோடு அதை எழுத வேண்டும். இவர் செய்தது அதற்கு அடுத்த வேலை: போர்மா ஆளின் நேரத்தை மாற்ற அனுமதி வாங்கியது, எடைக்கு மட்டும் கூலி என்பதால் கை வேகம் கூடி உடைசல் ஏறுவதை நிர்வாகத்துக்குக் காட்டி, உடைசல் குறைந்தவர்களுக்கு ஊக்கத்தொகை வாங்கிக் கொடுத்தது. இந்த இரண்டும் உரிக்கிறவரோ சூப்பர்வைசரோ செய்ய முடியாதவை. மேலாளர் வேலை என்பது இதுதான், படிவத்தில் விரித்து எழுத வேண்டிய இடமும் இதுதான். ஆனால் நிறையப் பேர் இந்த இடத்தில் "குழுவாகச் செய்தோம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். பணிவு நல்லதுதான், ஆனால் படிப்பவருக்கு யார் எதைச் செய்தார் என்பதே தெரியாமல் போகும். எல்லாம் "நான்" என்று எழுதினாலோ, சூப்பர்வைசரிடம் ஒரு வார்த்தை கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

குறையையும் சேர்த்து எழுதுவது நல்லது. தவணை முறை வந்த முதல் மூன்று வாரம் ஆளுக்கு 10 கிலோ 9 ஆகக் குறைந்து, பிறகு பழைய நிலைக்கு வந்திருந்தால், அதைச் சொல்லி 3 லட்சத்தில் அந்த இழப்பையும் ஊக்கத்தொகையையும் கழித்துக் காட்ட வேண்டும். தரம் பிரிக்கும் பிரிவின் பதிவேட்டையும் ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும். இங்கே குறைந்த உடைசல் அங்கே கூடியிருந்தால் அது முன்னேற்றமே இல்லை, இடம் மாறிய நஷ்டம்.

எழுதி முடித்தபின் ஒரு சோதனை இருக்கிறது. ஓணத்துக்கோ ஊர்த் திருவிழாவுக்கோ இவர் லீவில் இருந்த வாரத்தின் பதிவேட்டை எடுத்துப் பார்க்கலாம். அந்த வாரமும் உடைசல் 14 ஐ ஒட்டியே இருந்தால் அந்தப் பக்கத்தின் நகலைப் படிவத்தோடு இணைத்துவிடலாம். 18க்குத் திரும்பியிருந்தால் மாற்றம் இன்னும் குழுவிடம் போய்ச் சேரவில்லை, இவர் நின்று பார்த்ததால் மட்டுமே நடந்திருக்கிறது. அப்படியானால் இந்த வருடப் படிவத்தில் இதை முடிந்த வேலையாகக் காட்டாமல், பாதியில் இருப்பதாகவே எழுத வேண்டும்.