ஆரம்பிக்கவே இல்லையா, பாதியில் நின்றதா?

டர்பனில் ஒரு மசாலா மொத்த வியாபாரிக்குச் சர்வர் பார்த்துக்கொண்டிருந்தேன். 2023ஆம் வருடம், லோட் ஷெடிங் மிக மோசமாக இருந்த காலம். இரவு 1:30க்குக் கிரான் ஒரு பேக்கப் ஸ்கிரிப்டை ஓட்டும். கையிருப்புக் கணக்கு முழுவதும் பக்கத்து அறை நாஸ் சேமிப்புப் பெட்டியில் ஒரே டார் கோப்பாகப் போய் உட்காரும். வழக்கமாக 40 நிமிட வேலை. முடிந்ததும் வெளியில் உள்ள Healthchecks.io கண்காணிப்புச் சேவைக்கு ஒரு பிங் போகும். பிங் வராவிட்டால் எங்களுக்கு மெயில்.

முதல் முறை மெயில் வந்தபோது காரணம் எளிது. நள்ளிரவில் மின்சாரம் போய், யூபிஎஸ்ஸும் தீர்ந்து, 1:30க்குச் சர்வரே அணைந்து கிடந்தது. இரண்டு மணிக்குமேல் எழுந்த சர்வர், தவறிய வேலையைத் தேடி ஓட்டவில்லை. கிரான் அப்படித்தான், போன நேரம் போனதுதான். காலையில் அங்கிருக்கும் தம்பி கையால் ஓட்டினான், சரியாகிவிட்டது. முதலாளி சர்வருக்கு ஓர் இன்வெர்ட்டர் வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த வாரம் அதே மெயில். "அண்ணா, போன வாரம் மாதிரிதான், ஓட்டிடறேன்" என்றான். நானும் சரி என்றுவிட்டேன். அங்கேதான் தப்பு.

இந்த முறை மின்சாரம் போனது இரண்டு மணிக்கு. இன்வெர்ட்டரில் சர்வர் ஓடியது. நாஸோ சாதாரண பிளக்கில் இருந்தது, அணைந்துவிட்டது. ஸ்கிரிப்ட் பிழை சொல்லிச் செத்திருக்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் நாஸ் என்எஃப்எஸ் வழியாக `hard` முறையில் மவுண்ட் ஆகியிருந்தால் அந்தப் பக்கம் பதில் வரும்வரை காத்துக்கொண்டே இருக்கும், மணிக்கணக்கானாலும். மின்சாரம் திரும்பியும் நாஸ் தானாக எழும்படி அமைக்கவில்லை. ஏழு மணிக்குத் தம்பி பட்டனை அழுத்தினான், பேக்கப்பையும் ஓட்டினான். நாஸ் வந்ததும் இரவு தொங்கிய பழைய ஓட்டமும் விட்ட இடத்திலிருந்து எழுதத் தொடங்கியது. ஒரே கோப்பில் இரண்டு கை. இரண்டும் முடிந்து இரண்டு பிங் அனுப்பின, திரை பச்சையாகிவிட்டது. சில நாள் கழித்துச் சோதனைக்காக அந்தக் கோப்பைப் பிரித்தபோதுதான் அது உடைந்திருப்பது தெரிந்தது.

முடிவில் மட்டும் பிங் வைத்தால் இந்த இரண்டும் ஒரே மௌனமாகத்தான் தெரியும். மருந்தோ நேர் எதிர். ஆரம்பிக்காததை உடனே ஓட்டலாம். தொங்குவதை முதலில் `ps` கொண்டு பார்த்து, கொன்றுவிட்டு, அப்புறம்தான் ஓட்ட வேண்டும். இப்போது இப்படி வைத்திருக்கிறோம்:

```bash
U=https://hc-ping.com/your-uuid
R=$(uuidgen)
P="curl -fsS -m 10 --retry 3 -o /dev/null"
$P "$U/start?rid=$R"
timeout -k 60 90m /opt/jobs/backup.sh
E=$?
$P "$U/$E?rid=$R"
```

சேவையின் பதிவில் ஆரம்ப வரி இருந்து, முடிவு வரி இல்லையென்றால் தொங்குகிறது, அல்லது நடுவில் சர்வரே அணைந்தது, அல்லது முடிவு பிங் வெளியே போகவில்லை. இரண்டுமே இல்லையென்றால் ஆரம்பிக்கவில்லை. `rid` ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தனி எண் கொடுப்பதால், அன்று போல இரண்டு ஓட்டம் மேலே மேலே விழுந்தாலும் எது எதன் முடிவு என்று தெரியும். 90 நிமிடம் தாண்டினால் `timeout` அதை முடிக்கச் சொல்லும். கேட்காவிட்டால் ஒரு நிமிடம் கழித்துக் கட்டாயமாகக் கொல்லும். முதல் வகையில் 124, பிந்தையதில் 137 என்று தோல்வி எண் போகும். ஸ்கிரிப்ட் தலையில் `set -e` போடாதீர்கள். இணையம் இல்லாமல் `curl` தோற்றால் பேக்கப்பும் ஓடாமல் போய்விடும்.

ரவுட்டருக்கு மின்சாரம் இல்லாவிட்டால் ஆரம்ப பிங் வெளியே போகாது, வேலை மட்டும் ஓடும். அப்போது பதிவில் முடிவு மட்டும் தனியாக நிற்கும். முடிவதற்குள் ரவுட்டர் எழவில்லை என்றால் இரண்டுமே இருக்காது. அதனால் "ஆரம்பிக்கவில்லை" என்று தோன்றினாலும் ஓட்டுவதற்குமுன் ஒரு `ps` பார்த்துவிடுங்கள்.

இன்னொன்றில் நானே ஏமாந்தேன். கிரான் வரியின் கடைசியில் `>> /mnt/nas/logs/b.log` என்று இருந்தது. ஷெல் முதலில் அந்தப் பதிவுக் கோப்பைத் திறக்கப் போகும், பிறகுதான் ஸ்கிரிப்டைத் தொடும். நாஸ் அணைந்திருந்தால் அந்த இடத்திலேயே தொங்கும், ஆரம்ப பிங் போகவே போகாது. தொங்கல் "ஆரம்பிக்கவில்லை" என்ற வேஷத்தில் வரும். பதிவை இப்போது `/var/log`இல் எழுதுகிறோம்.

கெடு நேரம் வைக்கும்போது ஒரு சிக்கல் உண்டு. இந்தச் சேவையில் தாமதத்துக்கும் ஓட்ட நேரத்துக்கும் ஒரே கெடுதான். அதை 100 நிமிடம் என்று வைத்தால், ஆரம்பிக்காததும் 3:10க்குத்தான் தெரியும். அதனால் ஆரம்பத்துக்கென்று தனியாக ஒரு கண்காணிப்பு வைத்து, ஸ்கிரிப்ட் தொடங்கும்போதே அதற்கும் ஒரு பிங் அனுப்பி, 10 நிமிடக் கெடு கொடுத்தேன்: 1:40க்கே போன் அடிக்கும். இரண்டிலும் நேர மண்டலத்தை `Africa/Johannesburg` ஆக்கியிருக்கிறேன். அங்கே யூடிசியை அப்படியே விட்டால், அது நம் 3:30க்குத்தான் பிங்கை எதிர்பார்க்கும்.

நாஸையும் இன்வெர்ட்டரில் மாட்டியாயிற்று. அதற்கு ஒரு நீளமான ஒயர்தான் செலவு.