வெளிநாட்டு வேலைக்கு ஏஜென்ட் எவ்வளவு வாங்கலாம்? ரசீதில் வராத பணத்தின் கணக்கு

புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த ஓர் இளைஞர், சவூதி வேலைக்காகத் தாம் கொடுத்த பணத்தின் கணக்கைக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு என்னிடம் வந்தார். பத்தாம் வகுப்புத் தேறி, ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன் படித்தவர். விசா 70,000, டிக்கெட் 25,000, சர்வீஸ் சார்ஜ் 30,000, மெடிக்கல் 8,000, எமிகிரேஷன் 7,000 என்று ஆக மொத்தம் 1,40,000 ரூபாய். பாதிப் பணம் அம்மாவின் நகையை அடகு வைத்து வந்தது. ஆறு மாதமாகியும் விசா வரவில்லை. அவர் கையில் இருந்த ரசீதோ 35,400 ரூபாய்க்கு மட்டுமே.

அந்த 35,400 என்ற எண் தற்செயலாக வந்ததல்ல. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ் உள்ள விதிகளின்படி, மத்திய வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்ற ஏஜென்ட் வேலைக்குச் செல்பவரிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும்தான். அதற்கு ரசீதும் தர வேண்டும். சட்டம் அனுமதிக்கும் தொகைக்கு ஒழுங்காக ரசீது கொடுத்துவிட்டு, மீதியை ரசீதில்லாமல் வாங்குவதே இந்தத் தொழிலில் நடக்கும் வழக்கமான ஏமாற்று. பின்னால் புகார் வந்தால் அந்த ரசீது ஏமாந்தவருக்குச் சாட்சியாக நிற்காமல் ஏஜென்டுக்குச் சாட்சியாக நின்றுவிடும்.

இந்த இளைஞர் எழுதிய கணக்கை வரிவரியாகப் பார்ப்போம். விசாவுக்கு என்று வாங்கிய 70,000 ரூபாய்க்குச் சட்டத்தில் எந்த அடிப்படையும் இல்லை. சவூதி தொழிலாளர் சட்டத்தின் 40ஆவது பிரிவு, வெளிநாட்டுத் தொழிலாளியை வரவழைக்கும் கட்டணம், இகாமா எனப்படும் குடியிருப்பு அனுமதி, பணி அனுமதி ஆகிய செலவுகள் முதலாளியுடையவை என்று சொல்கிறது. போகும் டிக்கெட்டை யார் தருவது என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. இவருக்குக் காட்டப்பட்ட ஒப்பந்தத்தில் நிறுவனமே தரும் என்று எழுதியிருந்தது, ஆனால் அது ஆங்கிலத்தில் இருந்ததால் அவருக்கு யாரும் படித்துச் சொல்லவில்லை. மெடிக்கலுக்குச் சென்னையில் பரிசோதனை மையத்தில் அவரே நேரில் பணம் கட்டியிருந்தார். அதே பரிசோதனைக்காக ஏஜென்டும் தனியாக 8,000 வாங்கியிருக்கிறார்.

எமிகிரேஷனுக்கு வாங்கிய 7,000தான் எனக்கு அதிகமாக வலித்தது. குடிபெயர்வு அனுமதி என்பது பாஸ்போர்ட்டில் ‘குடிபெயர்வுச் சோதனை தேவை’ என்று ஆங்கிலத்தில் அச்சிடப்பட்டவர்களுக்கு, அதாவது பெரும்பாலும் பத்தாம் வகுப்புத் தேறாதவர்களுக்கு, சவூதி உள்ளிட்ட குறிப்பிட்ட நாடுகளுக்கு வேலைக்குச் செல்லும்போது தேவைப்படுவது. அதற்கான அரசுக் கட்டணம் சில நூறு ரூபாய்தான். இந்த இளைஞரின் பாஸ்போர்ட்டில் அந்த வாசகமே இல்லை. தேவையே இல்லாத ஓர் அனுமதிக்கு அவர் 7,000 ரூபாய் கொடுத்திருக்கிறார்.

இதே வாசகத்தைத் தலைகீழாகத் திருப்பியும் ஏமாற்றுகிறார்கள். “உங்கள் பாஸ்போர்ட்டில் சோதனை தேவையில்லை, அதனால் இந்தக் கட்டண விதியும் உங்களுக்குக் கிடையாது” என்று பட்டதாரிகளிடம் சொல்வார்கள். விலக்கு என்பது அனுமதி பெறுவதிலிருந்துதான். ஆள் எடுத்து அனுப்புபவர் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்பதும், வரம்புக்கு மேல் வாங்கக் கூடாது என்பதும் படித்தவருக்கும் படிக்காதவருக்கும் ஒன்றே.

பதிவு எண்ணைப் பார்த்துவிட்டோம் என்று நிம்மதியடைவதும் ஆபத்து. வாட்ஸ்அப்பில் வரும் விளம்பரத்தில் அச்சிட்டிருக்கும் எண் பெரும்பாலும் உண்மையானதாகவே இருக்கும். ஆனால் அது வேறு ஒரு நிறுவனத்துடையதாக இருக்கும். emigrate.gov.in தளத்தில் பதிவு பெற்ற ஏஜென்டுகளின் பட்டியல் இருக்கிறது. அதில் அந்த நிறுவனத்தின் பதிவு நடப்பில் உள்ளதா, இடைநீக்கம் செய்யப்பட்டதா என்று பார்த்துவிட்டு, விளம்பரத்தில் உள்ள எண்ணை விட்டுவிட்டுத் தளத்தில் உள்ள தொலைபேசி எண்ணை அழைத்து, “எங்கள் ஊரில் உங்கள் பெயரைச் சொல்லிப் பணம் கேட்கும் இந்த ஆள் உங்கள் ஆளா, இந்த வேலைக்கு ஆள் கேட்டு முதலாளி அனுப்பிய டிமாண்ட் லெட்டர் உங்களிடம் இருக்கிறதா” என்று கேட்க வேண்டும். ஊரில் இருக்கும் சப்-ஏஜென்ட் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும், பதிவில்லாமல் ஆள் எடுக்க அவருக்குச் சட்டத்தில் இடமில்லை.

பணத்தை நிறுவனத்தின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு மட்டுமே அனுப்புங்கள். இந்த இளைஞர் ரசீதில்லாமல் கொடுத்த 1,04,600 ரூபாயில் 60,000 ரொக்கம்; மீதி 44,600 ரூபாயை ஏஜென்டின் மைத்துனர் எண்ணுக்கு ஜி-பேயில் அனுப்பியிருந்தார். தனிநபர் கணக்குக்கு அனுப்பியது தவறுதான் என்றாலும், பிறகு கையில் நின்ற ஆதாரம் அது ஒன்றுதான். ரொக்கமாகக் கொடுத்தே ஆக வேண்டிய நிலை வந்தால், “இன்று விசாவுக்காக 60,000 கொடுத்தேன்” என்று அன்றே ஏஜென்டுக்கு வாட்ஸ்அப்பில் எழுதி, அவருடைய பதிலை அழிக்காமல் வைத்திருங்கள்.

இனி அலைச்சல். அவர் முதலில் சென்ற மத்திய அரசு அலுவலகத்தில், பணம் வாங்கிய ஆள் பட்டியலில் இல்லாததால் போலீசுக்குப் போகச் சொன்னார்கள். உள்ளூர்க் காவல் நிலையத்தில், ஏஜென்சி சென்னையில் இருப்பதால் சென்னைக்குப் போகச் சொன்னார்கள். சென்னையில் இது கொடுக்கல் வாங்கல் விவகாரம், சிவில் கோர்ட்டுக்குப் போங்கள் என்றார்கள். இரண்டாம் முறை சென்றபோது, மத்திய அரசின் முன் அனுமதி இல்லாமல் குடிபெயர்வுச் சட்டத்தில் வழக்குப் போட முடியாது என்று சொல்லி, ஒரு சி.எஸ்.ஆர். ரசீதைக் கொடுத்து அனுப்பினார்கள். சி.எஸ்.ஆர். என்பது மனு வாங்கியதற்கான ரசீது மட்டுமே, எஃப்.ஐ.ஆர். அல்ல. அதை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் பலரை எனக்குத் தெரியும்.

இந்தப் பதில்களில் ஒன்றுகூட முழு உண்மை இல்லை. வரம்புக்கு மேல் கட்டணம் வாங்குவதும் பதிவில்லாமல் ஆள் எடுப்பதும் சட்டத்தின் 24ஆவது பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றங்கள். 26ஆவது பிரிவின்படி இவை போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றங்கள். முன் அனுமதி வேண்டும் என்று சொல்லும் 27ஆவது பிரிவிலேயே ஒரு விலக்கும் இருக்கிறது: பாதிக்கப்பட்டவரோ, அவர் சார்பில் தாய், தந்தை, கணவன், மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தோர், காப்பாளர் ஆகியோரில் ஒருவரோ புகார் கொடுத்தால் அந்த அனுமதி தேவையில்லை. எந்தக் காவல் நிலைய எல்லையில் நடந்தது என்ற கேள்விக்கும் இடமில்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவு, எந்த எல்லையில் நடந்த குற்றமாயினும் தகவலைப் பதிய வேண்டும் என்கிறது. நிலையத்தில் மறுத்தால், அதே பிரிவின்படி எழுத்து மூலம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பலாம்.

ஆகவே புகாரில் “ஏமாற்றிவிட்டார்கள், பணத்தை வாங்கித் தாருங்கள்” என்று மட்டும் எழுதாதீர்கள். அப்படி எழுதினால் கடன் தகராறு என்று ஒதுக்குவது எளிது. எந்தத் தேதியில், எதற்காக, எவ்வளவு, யார் கையில் அல்லது எந்த எண்ணுக்குக் கொடுத்தீர்கள் என்று வரிசையாக எழுதி, சட்டம் அனுமதிக்கும் 35,400 போக எவ்வளவு கூடுதல் என்று தனி வரியில் காட்டி, குடிபெயர்வுச் சட்டத்தின் 24, 26, 27 ஆகிய பிரிவுகளையும் மோசடிக்கான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆவது பிரிவையும் குறிப்பிடுங்கள். ஏஜென்சி பதிவு பெற்றதாக இருந்தால், அதே புகாரின் நகலை emigrate.gov.in வழியாகவும் பதியுங்கள். பதிவு பறிபோகும் என்ற பயம் காவல் நிலையத்தைவிட வேகமாக வேலை செய்கிறது.

இந்த இளைஞர் தம் புகாரை அம்மாவின் கையெழுத்தோடு சேர்த்துப் பதிவுத் தபாலில் கண்காணிப்பாளருக்கு அனுப்பினார். எஃப்.ஐ.ஆர். பதிவானது. பிறகு அந்த நிறுவனம் 70,000 ரூபாயை வங்கி வழியாகத் திருப்பித் தந்து, பதிலுக்குப் புகாரைத் திரும்பப் பெறும் கடிதத்தில் கையெழுத்துக் கேட்டது. மீதிப் பணமும், ஏஜென்டின் மேசையில் இன்னும் கிடக்கும் அசல் பாஸ்போர்ட்டும் வராமல் அவர் கையெழுத்துப் போடவில்லை.