நனைந்த பனியன் எவ்வளவு வெயிலைத் தடுக்கும்?

போன மே மாதம் திருப்பூரிலிருந்து இரண்டு வண்டியில் வர்க்கலா போயிருந்தோம். தம்பி மகன் வெள்ளை டி-ஷர்ட் போட்டுக்கொண்டு காலை பத்து மணிக்கு அலையில் இறங்கினான், ஒரு மணிக்குத்தான் வெளியே வந்தான். ராத்திரி முதுகெல்லாம் எரிகிறது என்று அழுகை. சட்டையைக் கழற்றிப் பார்த்தால் முதுகு முழுக்கச் சிவந்திருக்கிறது, நடுவில் மட்டும் கொஞ்சம் வெளுப்பாக, ஓரம் கலங்கி, 7 என்ற எண்! டி-ஷர்ட்டின் முதுகில் அச்சடித்திருந்த அதே 7.

"ஏங்கண்ணு, துணி போட்டிருந்தும் எப்படிடா வெயில் உள்ளே போச்சு?" என்று பெரியம்மா கேட்டார். நல்ல கேள்விதான். பதினைந்து வருஷமாக பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிற எனக்கும் அன்றைக்குத்தான் அது உறைத்தது.

பஜ்ஜி மடித்துத் தருகிற பேப்பரை நினைத்துப் பாருங்கள். எண்ணெய் பட்ட இடம் மட்டும் கண்ணாடி மாதிரி ஆகி, பின்னால் இருப்பது தெரியும். பேப்பரும் பருத்தியும் ஒரே பொருள், செல்லுலோஸ். காய்ந்த துணியில் நூலுக்கு நூல் நடுவே காற்று இருக்கும். ஒளி காற்றிலிருந்து நாருக்குள்ளும் நாரிலிருந்து காற்றுக்கும் மாறி மாறிப் போகும்போது ஒவ்வொரு எல்லையிலும் வளைந்து சிதறுகிறது, அதில் பெரும்பகுதி வந்த வழியே திரும்பிவிடும். காற்றின் ஒளிவிலகல் எண் 1, பருத்தி நாருடையது ஏறக்குறைய 1.55. வித்தியாசம் பெரிது, அதனால் சிதறலும் அதிகம். துணியை நனைத்தால் காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்துவிடும். தண்ணீருடையது 1.33, வித்தியாசம் குறைந்துவிட்டது, ஒளி முன்போல் சிதறாமல் பெரும்பாலும் நேராக உள்ளே போகிறது. நனைந்த வெள்ளைத் துணி உடம்பைக் காட்டுவதும், அதன் வழியே வெயில் சுடுவதும் இரண்டு பிரச்சினை இல்லை, ஒன்றேதான்.

இதற்கு யுபிஎஃப் என்று ஒரு அளவு இருக்கிறது. சன்ஸ்கிரீனுக்கு எஸ்பிஎஃப் போல இது துணிக்கு. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சேர்ந்து 1996இல் இதற்குத் தரநிலை கொண்டுவந்தன. கணக்கு எளிது. யுபிஎஃப் 50 என்றால் புற ஊதாக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்குதான் தோலுக்குப் போகும். சாதாரண வெள்ளைப் பருத்தி டி-ஷர்ட் காய்ந்திருக்கும்போது சுமார் 7, நனைந்தால் 3க்கு இறங்கிவிடும். பையன் தண்ணீரில் இருந்தது மூன்று மணி நேரம். மூன்றில் ஒரு பங்கு உள்ளே போனால், வெறும் முதுகோடு ஒரு மணி நேரம் உச்சி வெயிலில் நின்றதற்குச் சமம். யுபிஎஃப் 50 துணியாக இருந்தால் அதே மூன்று மணி நேரத்துக்கு நாலு நிமிஷம்கூட வராது. 7 என்ற எண் மட்டும் தப்பித்ததற்குக் காரணம் அந்தப் பிளாஸ்டிசால் பிரிண்ட். நிறமி கலந்த பிளாஸ்டிக் படலம் அது, தண்ணீர் குடிக்காது.

அப்போ எந்தத் துணி? பாலியஸ்டர். பனியனுக்கு பாலியஸ்டரா என்று எங்கள் ஊரில் முகம் சுளிப்பார்கள், வியர்வைக்கு அது சரிவராது என்பதும் உண்மைதான். ஆனால் பாலியஸ்டர் மூலக்கூறில் பென்சீன் வளையம் இருக்கிறது, அது புற ஊதாக் கதிரில், முக்கியமாகத் தோலைச் சிவக்க வைக்கிற பி வகையை, தானே விழுங்கிக்கொள்ளும். பருத்திக்கு அந்த வளையம் கிடையாது, அதிலும் ப்ளீச் போட்ட வெள்ளை ரொம்ப மோசம். அடர் நிறம், நெருக்கமான நிட்டிங், கொஞ்சம் கூடுதல் ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்கிற துணியின் கனம், இந்த மூன்றும் சேர்ந்தால் நல்லது. கடையில் யுபிஎஃப் லேபிள் இல்லையென்றால் துணியை ஒரு கையால் லேசாக இழுத்து ட்யூப் லைட்டுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், ஓட்டை ஓட்டையாக வெளிச்சம் வந்தால் வேண்டாம். ஒரு சைஸ் சின்னதாக வாங்கி இறுக்கமாகப் போட்டாலும் இதேதான் நடக்கும், இழுபட்ட துணியில் கண்ணி விரிந்து வெயிலுக்கு வழி விடும். லூஸாகப் போடுவது அடக்கத்துக்காக மட்டும் இல்லை.

இன்னொன்று எடை. வீட்டுத் தராசில் போட்டுப் பார்த்தேன். 170 கிராம் பருத்தி டி-ஷர்ட்டை நனைத்து, பிழியாமல் ஒரு நிமிஷம் சொட்டவிட்டால் 520 கிராம். 150 கிராம் பாலியஸ்டர் முழுக்கை 290. சுடிதார், துப்பட்டா என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீருக்குள் இருக்கும்வரை அந்த எடை தெரியாது, படியேறி வரும்போதுதான் கீழே இழுக்கும். நீச்சல் குளங்களில் பருத்தியை வேண்டாம் என்று திருப்பி அனுப்புவதற்கும் காரணம் உண்டு, நூல் பிசிறும் சாயமும் ஃபில்டரில் போய்ச் சேரும். ஒருமுறை கோயம்புத்தூர் பக்கம் ஒரு ரிசார்ட்டில் எங்கள் வீட்டுப் பெண்களை அப்படி நிறுத்தினார்கள், காரணத்தைச் சொல்லாமல் ஏதோ தப்பு செய்தவர்களைப் போல நடத்தியதுதான் கோபம்.

உடம்பு தெரியாமல் நீந்த விரும்புகிறவர்களுக்கு முழுக்கை மேலாடை, முட்டிவரை வரும் ட்யூனிக், லெக்கின்ஸ் என்று செட்டாகவே கிடைக்கிறது. ஆஸ்திரேலியாவில் அஹேதா ஸானெட்டி 2004இல் வடிவமைத்த புர்கினியும் இந்த வழிதான். வாங்கும்போது ஒன்றைப் பார்க்க வேண்டும். தண்ணீரில் இறங்கியதும் லூஸான மேலாடை குடை மாதிரி விரிந்து மார்புவரை மிதந்து வரும். அதனால் நல்ல செட்டில் ட்யூனிக்கின் உள்பக்கம் ஒரு நாடா இருக்கும், பேன்ட்டோடு முடிந்துகொள்ளலாம். இல்லாவிட்டால் டெய்லரிடம் கொடுத்து இரண்டு பக்கமும் வைத்துக்கொள்ளுங்கள், வெளியே தொங்கும்படி மட்டும் வேண்டாம். தொங்கும் கயிறும் துப்பட்டாவும் காலில் சுற்றும், குளத்தின் அடியில் தண்ணீர் உறிஞ்சும் வாயிலும் போய் மாட்டிக்கொள்ளும்.

வெளியே வந்த பிறகு கதை தலைகீழ். ஈரத் துணி உடம்போடு ஒட்டும், அதற்கு மேலே போர்த்த இப்போது பருத்திதான் வேண்டும், காய்ந்த பருத்தி. தலை வழியாக மாட்டுவதைவிட முன்பக்கம் பட்டன் வைத்த, அடர் நிறத்துப் பெரிய சட்டை வசதி, ஈரக் கையை உள்ளே நுழைக்கப் போராட வேண்டாம். பெரியம்மா ஈரோட்டுத் துண்டு இரண்டை ஒட்டி, தலை நுழைய ஓட்டை விட்டுத் தைத்துவிட்டார், உள்ளேயே துணி மாற்றிக்கொள்ளலாம். கடையில் விற்கிற எதையும்விட எனக்கு அது பிடித்திருந்தது.

செருப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உச்சி வெயிலில் காய்ந்த மணல் 50 டிகிரியைத் தாண்டும், ஈர மணல் அவ்வளவு சுடாது, தண்ணீர் ஆவியாகிச் சூட்டைக் கொண்டுபோகும். ஆகவே நடக்கும் தூரத்துக்குச் செருப்பு வேண்டும், தோல் செருப்பு உப்புத் தண்ணீரில் விறைத்துப்போகும். தேய்ந்த ஹவாய் செருப்பு குளத்து டைல்ஸில் ஆபத்து. அடியில் பள்ளம் இருந்தால்தான் தண்ணீர் ஒதுங்கிப் போகும், வழவழவென்று இருந்தால் தண்ணீர்ப் படலத்தின்மேல் அப்படியே சறுக்கும். பின்பட்டை வைத்த ரப்பர் சாண்டல் போதும், அலையும் பிடுங்காது.

திரும்பி வந்ததும் நீச்சல் துணியை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் போடுங்கள். குளத்துக் குளோரின் முதலில் தின்பது எலாஸ்டிக் நூலைத்தான். லெக்கின்ஸ் முட்டியில் தொளதொளவென்று தொங்க ஆரம்பித்து, இழுத்துவிட்டால் பழையபடி சுருங்கவில்லையென்றால் அதன் வேலை முடிந்தது. பையனின் அந்த 7ஆம் நம்பர் சட்டை இப்போது வண்டி துடைக்கிறது, முதுகில் இருந்த 7 மறைய மூன்று வாரம் ஆனது.