தாம்பூலப் பையில் போன கூப்பன்

காரைக்குடியில் பலகாரக் கடை நடத்தும் ஆச்சி ஒருவரின் கணக்கை நான்தான் தணிக்கை செய்கிறேன். போன முறை பில் கட்டைப் புரட்டியபோது சில பில்களில் முழுத் தொகையும் தள்ளுபடி என்று இருந்தது. அதிரசம், மனகோலம், தேன்குழல் எல்லாம் ஆயிரம் ரூபாய்க்கு, தள்ளுபடியும் ஆயிரம். "என்ன ஆச்சி, சும்மாவா கொடுக்குறீங்க?" என்றேன். "இல்ல தம்பி, அது கூப்பன்" என்றார்.

மாசியில் தேவகோட்டைக் கல்யாண வீடு ஒன்று, தாம்பூலப் பையில் போட ஆயிரம் ரூபாய் கூப்பன் 200 வாங்கியிருக்கிறது. வந்த இரண்டு லட்சத்தையும் அன்றே விற்பனையில் எழுதிவிட்டார்கள். அதனால் விருந்தாளி கூப்பனோடு வரும்போது பில்லைப் பூஜ்யமாக்கத் தள்ளுபடி போட வேண்டியதாயிற்று.

மார்ச் 31 வரை திரும்பி வந்தவை 95. ஆக, அந்த ஆண்டின் விற்பனை 95,000 ரூபாய்தான். (ஜிஎஸ்டியை இங்கே பிரிக்கவில்லை, கணக்கு எளிதாக இருக்கட்டும்.) மீதி 1,05,000 ரூபாய், ஆச்சி இன்னும் சுட்டுக் கொடுக்க வேண்டிய பலகாரம். அது கடன், வருமானம் இல்லை. நூறு ரூபாய்ப் பலகாரத்துக்கு அறுபது செலவு என்றால், முழுத் தொகையையும் முன்பே விற்பனையில் எழுதிவிட்டதால் அந்தக் கூப்பன்களுக்கான 63,000 ரூபாய் அடுத்த ஆண்டில் விற்பனையே இல்லாத செலவாக வந்து நிற்கும். மார்ச்சில் லாபம் எகிறி, ஏப்ரல், மே மாதங்களில் காரணமில்லாமல் விழுந்தால் முதலில் இதைத்தான் தேடுவேன்.

சரி, எப்படி எழுதுவது? கூப்பன் விற்றதும் 'கூப்பன் முன்பணம்' என்ற பொறுப்புக் கணக்கில் வரவு. பலகாரம் கைமாறும்போது அதே கணக்கில் பற்று, விற்பனையில் வரவு. கூப்பனில் வரிசை எண் இருக்க வேண்டும். வெளியே நிற்கும் எண்களின் மதிப்பும் முன்பணக் கணக்கின் மீதியும் ஒத்துப்போகாவிட்டால் எங்கோ பிசகு.

மாதம் ஒரு பலகாரப் பெட்டி என்று ஜனவரியில் வாங்கிய ஆண்டுச் சந்தா 6,000 ரூபாய்க்கும் இதே வழிதான். மூன்று பெட்டி போயிருந்தால் 1,500 ரூபாய் வருமானம், 4,500 முன்பணம். பில்லுக்குத் தரும் பாயிண்டுக்கும் விற்பனையில் ஒரு பங்கை ஒதுக்கி வைக்கலாம், பெரிய நிறுவனங்கள் அப்படித்தான் செய்கின்றன.

ஆச்சி கேட்டது வேறு: "வராமலே போற கூப்பன் எனக்குத்தானே தம்பி?"

இந்திய கணக்கியல் தரநிலை 115-இன்படி கணக்கு எழுதும் நிறுவனம், பழைய அனுபவத்தை வைத்துப் பத்து வராது என்று நம்பகமாகக் கணித்தால், வரக்கூடிய 190-இல் பாதியான 95 வந்தபோதே அந்தப் பத்தாயிரத்திலும் பாதியை வருமானமாக எடுக்கும். ஆச்சிக்கோ கூப்பன் போட்டது இதுதான் முதல் முறை, கணிக்க அனுபவம் ஏது? கெடு முடியட்டும், அப்புறம் எடுக்கலாம் என்றேன். கூப்பனைத் திருப்பிப் பார்த்தால் கெடுத் தேதியே அச்சிடவில்லை.

மீதியை முன்பணத்திலேயே விட்டிருக்கிறோம். புதுக் கூப்பனில் ஓராண்டு என்று அச்சிடக் கொடுத்திருக்கிறார்.