கேரியரில் ஏறும் பெட்டியும் கரையும் பெட்ரோலும்

மதுரையிலிருந்து திருநெல்வேலிக்கு நாலுவழிச் சாலையில் போகும் கார்களில் பலவற்றின் தலையில் பெட்டி, பை, மேலே கட்டிய தார்ப்பாய். பெட்டிகளின் எடைதான் மைலேஜைக் குறைக்கிறது என்று நினைப்போம். ஐம்பது கிலோ சாமான் அவ்வளவு பெரிய விஷயமில்லை. அது காற்றில் நிற்கும் விதம்தான் விஷயம்.

ஓடும் கார் முன்னால் காற்றை நெருக்குகிறது, அங்கே அழுத்தம் கூடுகிறது. இதை எல்லாரும் ஊகித்துவிடுவார்கள். பலரும் கவனிக்காதது பின்பக்கம். கூரையை ஒட்டி வரும் காற்று, உடல் சட்டென்று முடியும் இடத்தில் வளைந்து இறங்க முடியாமல் பிரிந்துவிடும். பின்னால் சுழல் உண்டாகி அழுத்தம் குறையும். முன்னால் கூடுதல், பின்னால் குறைவு. இந்த வித்தியாசம் காரைப் பின்னுக்கு இழுக்கிறது. டிக்கி நீட்டாத, பின்பக்கம் செங்குத்தாக வெட்டிய காரில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கோவில்பட்டி போய்ச் சேரும்போது பின்கண்ணாடி முழுக்கப் புழுதி படிந்திருக்கும். சுழல் வாரிக்கொண்டு வந்து அப்பிய புழுதி அது. பின்பக்கம் மெல்லச் சரிந்து முடிந்தால் காற்று கடைசிவரை ஒட்டியே வரும், சுழலும் சிறுக்கும்.

கேரியரில் வைத்த பெட்டி கூரைமேல் இன்னொரு சதுர முதுகு. அதற்கும் தனிச் சுழல்.

சரி, கணக்கைப் பார்ப்போம். விசையைக் கிலோ எடையில் சொல்கிறேன், எல்லாம் தோராயம். 1,200 கிலோ காரின் டயர் உருளும் தடை 14 கிலோ, வேகம் மாறினாலும் ஏறக்குறைய அதேதான். காற்றுத் தடையோ வேகத்தின் வர்க்கத்தில் ஏறும்: 60 கிலோமீட்டர் வேகத்தில் 11 கிலோ, 100-இல் 32. ஒரு மீட்டர் அகலம், 40 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பெட்டி அடுக்கினால் காற்றுத் தடை பாதிக்குப் பாதி கூடும். 100-இல் மொத்தம் 46-ஆக இருந்தது 62 ஆகும். எஞ்சின் சுமை கூடும்போது கொஞ்சம் சிக்கனமாக எரிக்கும் என்பதால் பெட்ரோல் செலவு அதே அளவு ஏறாது. ஆனாலும் கால்பங்குக்குக் குறையாது. சிம்மக்கல் நெரிசலில் ஊர்கிற வண்டிக்கு இதெல்லாம் பொருட்டே இல்லை.

காற்று மேல்நோக்கியும் தூக்கும். வளைந்த பரப்பின்மேல் காற்று வேகமெடுக்கும்போது அங்கே அழுத்தம் குறையும். நடுவில் கயிறு தளர்ந்த தார்ப்பாய் கப்பலூர் தாண்டி வேகமெடுத்ததும் மேலே உப்புவது அதனால்தான். உப்பி அடித்துக்கொண்டால் தடையும் கூடும், ஆகவே குறுக்கே இரண்டு கட்டு கூடுதலாகப் போடலாம்.

கழற்ற முடிந்தால் காலிக் கேரியரையும் கழற்றிவிடுங்கள், வெறும் கம்பிகளுக்கும் தடை உண்டு. பெட்டி ஏற்றியே ஆகவேண்டுமென்றால் 80-இல் போங்கள். அப்போது மொத்தத் தடை 45 கிலோ; பெட்டியில்லாமல் 100-இல் போவதற்குச் சமம். திருநெல்வேலிக்கு அரைமணி நேரத்துக்குள்தான் தாமதமாகும்.