மார்ச் 31-ல் விழுந்த வட்டி

பாம்பனிலிருந்து ஒரு அரசுப் பள்ளி ஆசிரியை ஜூலையில் வந்தார். வயது 54. வீட்டுக் கடன் இருப்பதால் பழைய வரி முறையிலேயே இருக்கிறார். 2024-25 நிதியாண்டுக்கான அவரது வருமான வரிக் கணக்கை நான் தாக்கல் செய்ய வேண்டும். சம்பளப் படிவத்தோடு ஒரு துண்டுச் சீட்டையும் நீட்டினார். அதில் "சேமிப்பு வட்டி 4,448" என்று எழுதியிருந்தது.

"பாஸ்புக்கைப் பார்த்துக் கூட்டினேன் சார். எப்படியும் 10,000 வரைக்கும் வரி கிடையாதே, இதைக் காட்டணுமா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வியை மண்டபம், தங்கச்சிமடம், கீழக்கரை என்று எங்கிருந்து வருபவர்களும் கேட்கிறார்கள். காட்டத்தான் வேண்டும் டீச்சர் என்றேன். 80டிடிஏ பிரிவு தருவது விலக்கு அல்ல, கழிவு. முழு வட்டியையும் முதலில் வருமானத்தில் சேர்க்க வேண்டும், அப்புறம்தான் 10,000 ரூபாய் வரை கழிக்கலாம். சேர்க்காமல் விட்டால், வங்கி வருமான வரித் துறைக்கு அனுப்பிய தொகை ஒன்றாகவும் நம் படிவத்தில் உள்ள தொகை வேறாகவும் நிற்கும். ஏஐஎஸ் எனப்படும் ஆண்டுத் தகவல் அறிக்கையைத் திறந்து அவருக்குக் காட்டினேன். சம்பளக் கணக்கின் சேமிப்பு வட்டி 6,152 என்று இருந்தது. சீட்டில் 4,448.

காரணம் பாஸ்புக்கிலேயே தெரிந்தது. கடைசியாகப் பதிந்தது ஜனவரியில். அந்த வங்கி காலாண்டு முடியும் நாளில் வட்டி போடுகிறது. ஜூன் 30-ல் 1,486, செப்டம்பர் 30-ல் 1,612, டிசம்பர் 31-ல் 1,350. நாலாவது வட்டியான 1,704 மார்ச் 31-ல் விழுந்தது, பாஸ்புக்கில் ஏறவே இல்லை. நாளாகப் பதியாமல் விட்டால் சில வங்கிகளில் பல வரவுகளை ஒரே வரியாகச் சுருக்கி அச்சிட்டுவிடுவதும் உண்டு. அதில் வட்டியும் கரைந்துபோகும். அதனால் வட்டி கூட்டுவதற்குப் பாஸ்புக்கை நான் நம்புவதில்லை. நெட் பேங்கிங்கில் 01/04/2024 முதல் 31/03/2025 வரை தேதி கொடுத்து, ஆண்டு ஸ்டேட்மென்டை எக்செல் கோப்பாக இறக்கச் சொல்வேன். நெட் பேங்கிங் இல்லாதவர்கள் கிளையில் அதே தேதிகளை எழுதிக் கொடுத்து வாங்கலாம்.

எக்செலில் பலரும் இப்படி ஒரு சூத்திரம் போடுகிறார்கள். B விவரப் பத்தி, D வரவுப் பத்தி:

```
=SUMIF(B2:B400,"*INT*",D2:D400)
```

இதை நேரடியாக நம்ப வேண்டாம். "INTERNET" என்று விவரம் உள்ள பணப் பரிமாற்றமும் "JOINT" என்று வரும் வரவும் இதில் சேர்ந்துவிடும். டீச்சரின் கோப்பில் மகன் அனுப்பிய 15,000 ரூபாயே இப்படி வட்டியாக ஏறியது. சூத்திரத்துக்குப் பதில் ஃபில்டர் போட்டு, வந்த வரிகளைக் கண்ணால் ஒவ்வொன்றாகப் பாருங்கள். காலாண்டு வட்டி என்றால் ஆண்டுக்கு நாலு வரிதான். அதைப் படிக்க ஐந்து நிமிடம் ஆகாது.

தொகை சரியா என்பதற்கு ஒரு சோதனையும் உண்டு. வங்கிகள் 2010 ஏப்ரலிலிருந்து தினசரி இருப்பின் மேல்தான் சேமிப்பு வட்டி கணக்கிடுகின்றன. 3 சதவீதம் தரும் கணக்கில் மூன்று மாதம் சராசரியாக இரண்டு லட்சம் கிடந்தால் ஏறத்தாழ 1,500 ரூபாய் வரும். டீச்சரின் கணக்கில் இருப்பு அந்த அளவில்தான் ஏறி இறங்கியது. நாலு தொகைகளும் அதற்குப் பொருந்தின.

அதே ஸ்டேட்மென்டில் நவம்பரில் 81,960 ரூபாய் வரவு இருந்தது. கணவரின் விசைப்படகு இன்ஜின் வேலைக்காகப் பணம் எடுத்தபோது வந்தது என்றார். அந்தக் கணக்கில் ஆட்டோ ஸ்வீப் வசதி உண்டு. நிலுவைச் சம்பளம் வந்ததும் ஜூனில் 80,000 தானாகவே வைப்புத் தொகையாக மாறி, நவம்பரில் உடைந்து திரும்பியிருக்கிறது. அந்த 80,000-க்கு மேலே உள்ள 1,960 வட்டிதான். ஆனால் வைப்பு வட்டி. சேமிப்புக் கணக்கிலேயே விழுந்தாலும் 80டிடிஏ கழிவு இதற்குக் கிடையாது. சேமிப்புக் கணக்குக்குள்ளேயே நடப்பதால் இது ஒரு எஃப்டி என்றே பலருக்குத் தெரிவதில்லை. அசலும் வட்டியும் ஒரே வரியில் வருவதால் கண்ணில் படுவதும் கஷ்டம். ஆயிரக் கணக்கில் முழுதாக நிற்காத பெரிய தொகை வரவாக வந்திருந்தால் அதன் கதையைக் கேளுங்கள்.

வேறு கணக்கு உண்டா என்று கேட்டேன். முதலில் இல்லை என்றார். பிறகு, கீழக்கரையில் வேலை பார்த்த காலத்தில் திறந்த ஒரு பழைய கணக்கு நினைவுக்கு வந்தது. அது ஏஐஎஸ்ஸில் இல்லை, ஏனென்றால் அங்கே பான் எண் கொடுக்கவே இல்லை. ஏஐஎஸ்ஸில் வராத வட்டியும் வருமானம்தான். அந்த ஸ்டேட்மென்டில் இன்னொரு சிக்கல்: அந்த வங்கி காலாண்டு முடிந்த மறுநாள் வட்டி போடுகிறது. அதனால் ஏப்ரல் 1, 2024-ல் விழுந்த 412 உண்மையில் முந்தைய ஜனவரி முதல் மார்ச் வரைக்கானது. இந்த ஆண்டின் கடைசிக் காலாண்டு வட்டியோ ஏப்ரல் 1, 2025-ல்தான் வந்திருக்கிறது. எதைச் சேர்ப்பது? கைக்கு வந்த நாளை வைத்துக் கணக்கிடுவது, சேர்ந்த காலத்தை வைத்துக் கணக்கிடுவது என்ற இரண்டு முறையையும் சட்டம் ஏற்கிறது. ஒன்றைப் பிடித்தால் ஒவ்வொரு ஆண்டும் அதையே பிடிக்க வேண்டும். டீச்சருக்கு வந்த நாளை வைத்தேன். 412, 430, 405, 421 ஆக மொத்தம் 1,668. அடுத்த ஏப்ரல் 1-ல் வந்தது அடுத்த ஆண்டுக் கணக்குக்குப் போகும். இரண்டு ஏப்ரல் 1-ஐயும் சேர்த்து ஐந்து வட்டியாக்குவதும், இரண்டையும் விட்டு மூன்றாக்குவதும்தான் தவறு.

மூன்றாவதாக ராமேஸ்வரத்தில் அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு. அங்கே வட்டி ஆண்டுக்கு ஒருமுறைதான், 4,120 வந்திருந்தது. தனிநபர் கணக்கு என்றால் இதில் 3,500 ரூபாய்க்கு உண்மையிலேயே விலக்கு உண்டு, கூட்டுக் கணக்கு என்றால் 7,000. இந்த விலக்கு புதிய வரி முறையிலும் பொருந்தும். மீதி 620 சேமிப்பு வட்டியோடு சேரும்.

ஆக, படிவத்தில் "Interest from Savings Bank Account" என்ற இடத்தில் 6,152, 1,668, 620 மூன்றும் சேர்ந்து 8,440. வைப்பு வட்டிக்கான இடத்தில் 1,960. விலக்கு பெற்ற வருமானத்தில் 3,500. பிறகு 80டிடிஏ-யில் 8,440 முழுவதும் கழிந்தது. ஸ்வீப் வட்டியைச் சேமிப்போடு கலந்திருந்தால் 10,400 ஆகி, உரிமை இல்லாத 1,560 ரூபாய் கூடுதலாகக் கழிந்திருக்கும். டீச்சருக்கு 60 வயது ஆகியிருந்தால் கணக்கே வேறு. மூத்த குடிமக்களுக்கு 80டிடிஏ-வுக்குப் பதில் 80டிடிபி, அதில் சேமிப்பு, வைப்பு இரண்டு வட்டியும் சேர்ந்து 50,000 வரை கழியும். புதிய வரி முறையை எடுத்தவர்களுக்கு இந்த இரண்டு கழிவும் இல்லை, அந்த 8,440-ம் வரிக்கு உட்பட்ட வருமானம்தான்.

மறு வாரம் டீச்சர் கீழக்கரைக்குப் பஸ் ஏறிப் போய், பழைய கணக்கில் பான் எண்ணைச் சேர்த்துவிட்டு வந்தார்.